ஒரு பக்கம் முழுக்க 'அ'

"டீச்சர், இவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் எழுதுறாங்க. இவன் இன்னும் வாசிக்கவும் ஆரம்பிக்கல." நான்கு வயதுக் குழந்தைகளின் பெற்றோர் இப்படிக் கேட்கும்போது, "இப்ப வேண்டாம்மா" என்று உடனே மறுத்துவிட்டால் அவர்கள் நம்மிடம் பேசுவதைத்தான் நிறுத்துவார்கள். வீட்டில் எழுத வைப்பது தொடரும். அவர்கள் கையில் இருக்கும் நோட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குவது நல்லது.

ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதிய நோட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு எழுத்துகள் ஓரளவு சரியாக இருக்கும். கீழே போகப்போகச் சுழி சுருங்கி, கடைசி வரியில் காணாமலே போயிருக்கும். குழந்தை டீச்சர் எழுதியதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தான் மேலே எழுதியதைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறது. பிழையும் வரிக்கு வரி வளர்கிறது. தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து மேடுதட்டியிருந்தால், கை இறுகி அழுத்தியிருக்கிறது என்று பொருள். எதிரில் உட்கார்ந்து எழுதவைத்தால் இன்னொன்றும் தெரியும்: பல குழந்தைகள் கடைசியில் வரவேண்டிய நேர்கோட்டை முதலில் போட்டுவிட்டு, சுழியை அதில் ஒட்டவைக்கும். எழுத்தைப் படமாக வரைகிறார்கள். நோட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பின்னால் வேகமாக எழுதும்போது இந்தப் பழக்கத்தை மாற்றுவது சிரமம்.

பிறகு பெற்றோர் முன்னாலேயே ஒரு வெற்றுத் தாளில் வட்டம், கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் என ஒவ்வொன்றாக வரைந்து, பெயர் சொல்லாமல், "இதே மாதிரி போடு கண்ணு" என்று மட்டும் கேட்கலாம். வட்டம் 3 வயதையொட்டி வரும்; கூட்டல் குறி 4 வயதில்; சதுரம் நாலரையில்; முக்கோணம் 5 வயதில் அல்லது அதற்கும் பிறகு. சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பு. கூட்டல் குறியை நான்கு துண்டுக் கோடுகளாக ஒட்டவைக்கும் கைக்கு, 'அ'வின் சுழியும் வளைவும் குறுக்குக் கோடும் ஒரே ஓட்டத்தில் வராது. இதை நாம் விளக்கவே வேண்டாம், தாள் சொல்லிவிடும். மணிக்கட்டு எலும்பின் எக்ஸ்ரே படத்தைக் காட்டி "எலும்பே வளரல" என்று பயமுறுத்துவது மட்டும் வேண்டாம். எழுத்துக்குத் தேவை கண்ணும் விரலும் இணைந்து இயங்கும் பழக்கம். எலும்பு படத்தில் தெரிகிறதா இல்லையா என்பது அதற்கு அளவுகோல் அல்ல.

"அப்ப மத்த பிள்ளைங்களவிடப் பின்தங்கிடுவானே?" இதுதான் உண்மையான கேள்வி. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழுவினர் 5 வயதில் வாசிப்பு கற்பிக்கப்பட்டவர்களையும் 7 வயதில் கற்பிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 11 வயதுவாக்கில் சரளத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லாமல் போயிருந்தது. இதைச் சொல்லும்போது எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: அது ஆங்கில வாசிப்பைப் பற்றியது, இரு தரப்பும் வேறு வேறு வகைப் பள்ளிகளில் படித்தவர்கள். சீக்கிரம் கற்றால் கெடுதல் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தாமதித்தால் நிரந்தரமாகப் பின்தங்குவார்கள் என்ற பயத்துக்கு மட்டுமே அது பதில்.

பதிலோடு வீட்டுக்கு ஒரு வேலையும் தர வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் பழைய நோட்டுதான் திரும்ப வரும். நான் முதலில் தருவது ஒலி விளையாட்டு, தினமும் ஐந்து நிமிடம்: சொல்லைப் பிரித்துச் சொல்லி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முறை கை தட்டுவது. 'யானை'க்கு இரண்டு தட்டு, 'குதிரை'க்கு மூன்று. தமிழில் இப்படித் தட்டும் தட்டு பெரும்பாலும் எழுத்தோடு ஒத்துப்போவதால், இது வாசிப்புக்கான நேரடித் தயாரிப்பு. 'பந்து' போலப் புள்ளி எழுத்து வரும் சொற்களில் தட்டு இரண்டு, எழுத்து மூன்று. அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, "பல், படகு, மணி, எது சேரல?" என்று முதல் ஒலியைப் பிடிக்க வைப்பது. குழந்தை "மணி" என்று சொல்லத் தொடங்கிய பிறகு எழுத்தைக் காட்டினால், அது ஏற்கனவே காதில் இருக்கும் ஒலிக்குக் கிடைத்த உருவம்.

கைக்கு, சுவரில் ஒட்டிய பெரிய தாளும், முஷ்டியால் பிடிக்க முடியாதபடி சிறிதாக உடைத்த துண்டுக் கிரயானும் போதும். புள்ளிக்கோட்டின் மேல் எழுத வைக்கும் நோட்டு வேண்டாம். வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளை வைத்து கரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைத் தானே எழுதிப் பழகியபோதுதான் வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. கோட்டின் மேல் எழுதியபோது அப்படி இல்லை. ஆகவே குழந்தை தானாகக் கேட்டால், தன் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாகவாவது தானே போடட்டும். தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்ட குழந்தையைத் தடுக்கவும் வேண்டாம்.

ஒலி விளையாட்டைச் சில மாதம் விளையாடியும், 5 வயது நெருங்கும்போது தட்டுகளைப் பிரிக்க முடியாமல், பேச்சும் வெளியாட்களுக்குப் புரியாமல் இருந்தால், எழுத்துப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புகிறேன்.