மினிட் புத்தகத்தில் ஒரு மக்காச்சோள சீசன்

"மேற்படி பொருள் விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." உழவர்களே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில், கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகங்களை வாங்கிப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்த வரிதான் இருக்கும். என்ன விவாதம், எந்தக் கணக்கில் தீர்மானம் என்று ஒரு சொல் இருக்காது. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பதும் மினிட் எழுதுவதும் என் வேலை. அறுவடைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் கொள்முதல் விலை, உறுப்பினர் பங்கு, வங்கிக் கடன் மூன்றும் சேர்ந்தே வரும். மூன்றும் ஒரே பணத்தின் கதை என்பதால், அந்தக் கூட்டத்தின் மினிட்டை மட்டும் நான் அவசரமாக எழுதுவதில்லை.

முதல் பொருள் விலை. "கிலோ இருபத்தொன்றரை ரூபாய்க்கு வாங்கலாம்" என்று மட்டும் எழுதினால் அந்தத் தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்காது. தீவன ஆலை விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போர்டைக் கூட்ட முடியாது, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் விலையை எழுதுவதைவிட, விலை எப்படி வருகிறது என்பதை எழுதுவது மேல். அன்று எழுதியது இதுதான்: நாமக்கல் ஆலையில் இறக்கிக் கொடுத்தால் குவிண்டாலுக்கு 2,350 ரூபாய். லாரி வாடகை 70, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 30, சேதாரம் 25, நிறுவனத்துக்கு நிற்பது 50. மீதி 2,175 உறுப்பினருக்கு. ஆலை விலை ஏறி இறங்கினால் இதே கழிவுகளோடு கொள்முதல் விலையை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் முதன்மைச் செயல் அலுவலருக்கு. மாற்றிய விலையை அன்றே கொள்முதல் நிலையப் பலகையில் எழுதிவிட வேண்டும்.

அப்புறம் ஈரப்பதம். ஆலை 14 சதவீதம் வரை ஏற்கும். களத்திலிருந்து 17 சதவீதத்தில் மூட்டை வந்தால் எவ்வளவு எடை கழிப்பது? "மூணு சதவீதம் கூட, மூணு கிலோ கழி" என்றார் மூத்த இயக்குநர் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 100 கிலோவில் 17 கிலோ தண்ணீர் என்றால் காய்ந்த சரக்கு 83 கிலோ. அந்த 83 கிலோ, காயவைத்த பின் மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். 83ஐ 0.86ஆல் வகுத்தால் 96.5 கிலோ. ஆக, குறைவது மூன்று இல்லை, மூன்றரைக் கிலோ. அரைக் கிலோதானே என்று தோன்றும். 20 டன் லாரியில் அது 100 கிலோ, பணமாக இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு லாரிக்கு நிறுவனத்துக்கு நிற்பதே 10,000 ரூபாய்தான், அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகப் போய்விடும். இந்தக் கணக்கை மினிட்டில் அப்படியே சேர்த்தோம். எடைபோடும் இடத்தில் "மூணு சதவீதத்துக்கு ஏன் மூணரை கழிக்கிறீங்க?" என்று உறுப்பினர் கேட்டால், அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டலாம்.

2,175 ரூபாயையும் உடனே கொடுத்துவிடுவதா என்பது அடுத்த கேள்வி. உறுப்பினர் கொண்டுவரும் சரக்குக்கு முதலில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மீதியை நிறுத்திவைத்துப் பின்னால் தர, கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான பகுதி இடம் தருகிறது. பின்னால் தருவது ரொக்கமாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம், பங்காகவும் இருக்கலாம். குவிண்டாலுக்கு 25 ரூபாய் நிறுத்திவைத்து சீசன் முடிந்ததும் பங்காகத் தரலாம் என்றார் தலைவர். 4,000 குவிண்டால் வந்தால் ஒரு லட்சம் ரூபாய். ஆறு லட்சமாக இருந்த பங்கு மூலதனம், யாரிடமும் போய்க் கை நீட்டாமல் ஏழு லட்சமாகும்.

ஒரு இயக்குநர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வியாபாரி களத்துலயே முழுக் காசையும் எண்ணிக் குடுக்கறான். நாம இருபத்தஞ்சு ரூபா புடிச்சா அவன்கிட்டதான் போவாங்க." அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வாக்கெடுப்பில் அவர் மட்டும் எதிர்த்தார். எழுத ஆரம்பித்ததும், "என் பேரைப் போட்டுடாதீங்க தம்பி, ஒருமனதாவே இருக்கட்டும்" என்றார். தீர்மானத்தை எதிர்த்தவர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டமே இருக்கிறது என்று சொல்லிக் காட்டினேன். பெயரோடு அவர் சொன்ன காரணத்தையும் எழுதினேன். நாளைக்கு வரத்து குறைந்தால் போர்டு முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். ஊர்க்காரர்கள் முகம் பார்த்துப் பழகியவர்கள், எதிர்ப்பைப் பகையாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் அவருக்கு. அது எனக்குப் புரியாமல் இல்லை.

பங்கு விஷயத்தில் புது உறுப்பினர் சேர்க்கை நான்கு வரியில் முடிந்தது. இறந்துபோன உறுப்பினர் ஒருவரின் பங்குக்குத்தான் நேரம் பிடித்தது. நியமனதாரர் அவர் மகன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நியமனதாரர் உற்பத்தியாளராக இல்லாவிட்டால் பங்கைச் சரண்செய்யச் சொல்லி, முகமதிப்பையோ போர்டு நிர்ணயிக்கும் தொகையையோ கொடுக்க வேண்டும். நிலத்தில் பயிர் வைப்பது அம்மா. "பையன் பேருக்கே மாத்திடுங்க, அவன் ஊருக்கு வந்து போறவன்தானே" என்றார்கள். கடைசியில், மகனின் பங்கைச் சரண்பெற்றுத் தொகையை அவரிடம் கொடுப்பது, அம்மா தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்தால் உறுப்பினராகச் சேர்ப்பது என்று முடிவானது. இரண்டையும் தனித்தனித் தீர்மானமாக எழுதினேன். ஒன்றாக எழுதினால் அது பங்கு மாற்றம் போலத் தெரியும், தணிக்கையாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

மூன்றாவது கடன். ஏன் வேண்டும் என்பதற்கு விடை முதல் பொருளிலேயே இருக்கிறது. நிறுத்திவைத்தது போக உடனே தருவது 2,150. ஒரு லாரிக்கு 200 குவிண்டால் என்றால் 4,30,000 ரூபாய். ஆலை பணம் தர 20 நாள் ஆகிறது, நான்கு நாளுக்கு ஒரு லாரி போகிறது. எந்த நேரத்திலும் ஐந்து லாரிச் சரக்கின் பணம், 21,50,000 ரூபாய், வெளியே நிற்கும். அதனால் வேண்டும்போது எடுத்துப் பணம் வந்ததும் கட்டும் ரொக்கக் கடன் 20 லட்சம், மீதி கைப்பணம். இந்தக் கணக்கு மினிட்டில் இருந்ததால் வங்கியில் "ஏன் இருபது?" என்று கேட்டபோது அதே பக்கத்தைக் காட்ட முடிந்தது. "தேவைக்கேற்பக் கடன் பெறலாம்" என்று எழுதிய தீர்மானத்தை வங்கி திருப்பி அனுப்பும். தொகை, நோக்கம், பிணையாக வைப்பது எந்தச் சரக்கு, வரவேண்டிய எந்தப் பாக்கி, யார் இருவர் கையெழுத்து எல்லாம் வேண்டும்.

"எங்க நிலப் பத்திரத்தைக் கேப்பாங்களா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் கடன் உத்தரவாதம், நிலம், வீடு போன்ற சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ வாங்காமல் கொடுக்கும் கடனுக்குத்தான். அதன்கீழ் மட்டுமே விண்ணப்பிப்பது, இயக்குநர் யாரும் சொந்த ஜாமீன் தருவதில்லை என்று தீர்மானத்திலேயே சேர்த்தோம்.

இன்னொரு சிக்கல், வங்கி அனுமதிக் கடிதம் கூட்டத்துக்குப் பிறகுதான் வரும். வட்டியோ தவணையோ மாறியிருந்தால் ஏற்றுக்கொள்ள மறுபடியும் தீர்மானம் வேண்டும், மறுபடியும் ஏழு நாள். அதனால் வட்டிக்கு ஒரு உச்ச வரம்பு வைத்து, அதற்குள் இருந்தால் தலைவரும் முதன்மைச் செயல் அலுவலரும் ஏற்கலாம், தாண்டினால் போர்டுக்கு வர வேண்டும் என்று எழுதினோம். கடிதம் வரம்புக்குள்ளேயே வந்தது. பிணை ஆவணம் கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் சரக்கின் மேலும் பாக்கியின் மேலும் வங்கிக்கு உள்ள உரிமையை, அதாவது சார்ஜை, கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை யார் முடிப்பது என்பதையும் பெயர் போட்டு மினிட்டில் எழுதியிருந்ததால், அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்டது அவரைத்தான்.