திரும்பி வராதவர்கள்

2005 ஜனவரி 26. நாகப்பட்டினத்தில் சுனாமி அலை வந்து சரியாக ஒரு மாதம். மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்திருந்தோம். நிவாரணப் பணியில் இருந்த நாங்கள், கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கூடுவதென்று முடிவெடுத்தோம். தொடக்கத்தில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் நாள் இரவே எழுதி வைத்தேன். முதல் வரி, "இறந்தவர்களின் ஆத்மா சாந்தியடைய…" நாகூரிலிருந்து எங்களோடு வேலை செய்த பாய் அதைப் படித்துவிட்டு, "நாங்க இப்படிச் சொல்றதில்லீங்க. அல்லாஹ் பாவத்தை மன்னிச்சு சொர்க்கத்தைக் கொடுக்கணும்னுதான் துஆ கேப்போம்" என்றார். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து வந்த அருட்சகோதரியோ, தங்கள் செபத்தில் "நித்திய இளைப்பாற்றி" என்று வரும் என்றார். மூன்றையும் சேர்த்துப் போட்டால் எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் சேர்த்தால் யாரும் தன் வீட்டில் சொல்கிற சொல்லாக அது இருக்காது. அதனால் வேண்டுதலையே எடுத்துவிட்டேன். "இரண்டு நிமிடம் அமைதியாக நிற்போம், அவரவர் தமக்குத் தெரிந்த சொற்களில் வேண்டிக்கொள்ளட்டும்" என்று மட்டும் வைத்துக்கொண்டேன். மஃரிப் தொழுகை முடித்து வருகிறவர்களுக்காக நேரத்தையும் ஏழு மணிக்குத் தள்ளினோம்.

ஆனால் என்னை அதிகம் தடுமாற வைத்தது "இறந்தவர்கள்" என்ற சொல்தான். கீச்சாங்குப்பத்து அக்கா ஒருவரின் மகன் உடல் கிடைக்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் செய்யலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "பொணத்தப் பாக்காம எப்படிச் செய்யறது?" என்று மறுத்துவிட்டார். அவர் முன்னால் நின்று, ஒலிபெருக்கியில், அவர் மகனை இறந்தவன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வெகுநேரம் யோசித்து, "வீட்டுக்குத் திரும்பி வராதவர்கள்" என்று மாற்றினேன். புதைத்தவர்களுக்கும் அது பொருந்தியது, தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும் பொருந்தியது. "கடவுள் சித்தம்" என்ற வரியையும் அடித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தானாக அதைச் சொல்லலாம், நான் சொல்லக் கூடாது.

மறுநாள் நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. எதற்காகக் கூடியிருக்கிறோம், எப்போது அமைதி, எப்போது விளக்கு என்று சொன்னேன். ஏற்ற விரும்பாதவர்கள் சும்மா நிற்கலாம் என்பதையும் சேர்த்தேன். தைப்பூசம் முடிந்த மறுநாள் என்பதால் நிலா பெரிதாக இருந்தது. காற்று விடவில்லை. காகிதக் கப்பில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தும், ஒருவர் சுடர் அணைந்தால் பக்கத்தில் நிற்பவர் சாய்த்துக் கொளுத்திக் கொடுத்தபடி இருந்தார்கள்.

கூட்டம் கலையும்போது அந்த அக்கா என்னிடம் வந்தார். கையில் இருந்த மெழுகுவர்த்தியின் திரி வெள்ளையாகவே இருந்தது.

"நான் கொளுத்தல தம்பி. எடுத்துட்டுப் போகலாமா?"

"எடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.