ரிவ்யூ கீ யார் கைக்குப் போகிறது?

ரயில் சந்திப்பு ஒன்றில் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் தடம் மாற்றும் புதிர் விளையாட்டு ஒன்றை எங்கள் சிறிய குழு கணினிக்காக முடித்தபோது, அதை ஸ்ட்ரீமர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அனுப்ப வேண்டியவை இரண்டுதான்: விளையாட்டைப் பற்றிய சிறு பிரஸ் கிட் ஒன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எங்கள் விளையாட்டை இலவசமாகத் திறந்துகொள்ள உதவும் குறியீடான ஒரு ரிவ்யூ கீ. ஆயினும் ஒவ்வொரு கீயும் யாரிடம் போனது, போன பின் என்ன ஆனது என்பதைக் கடைசிவரை பின்தொடர்ந்ததுதான் இந்த வேலையின் பெரும்பகுதியாக இருந்தது.

பிரஸ் கிட்டை ஒரே வலைப்பக்கமாக வைத்தோம். டிரெய்லரையும், அதற்குக் கீழே விளையாட்டு என்னவென்று சொல்லும் ஒற்றை வாக்கியத்தையும், பிறகு வெளியீட்டு நாள், விலை, மொழிகள், முடிக்க ஆகும் நேரம், தொடர்பு முகவரி ஆகியவற்றையும் கொடுத்தோம். மொத்தப் படங்களையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி செய்தோம். பத்திரிகையாளருக்கு வேண்டியவை 1920x1080 அளவில், மேலே எந்த எழுத்தும் பொறிக்கப்படாத ஸ்கிரீன்ஷாட்டுகள். யூடியூபருக்கோ அவை போதாது. அவர் தம் வீடியோவுக்குத் தம்ப்நெயில் செய்தாக வேண்டும். அதற்குப் பின்னணி இல்லாத லோகோவும், பின்னணியிலிருந்து தனியே வெட்டியெடுத்த ரயில் எஞ்சினும், தலைப்பு எழுதப்படாத முகப்போவியமும் தேவை. இவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டு வைத்த பிறகு, வெளிவந்த தம்ப்நெயில்கள் பலவற்றில் எங்கள் எஞ்சினே நின்றது. அவை இல்லாதிருந்தால் டிரெய்லரை நிறுத்திப் பிடித்த மங்கலான படம்தான் அந்த இடத்தில் இருந்திருக்கும்.

ஸ்ட்ரீமர்களுக்கு எழுதும்போது படங்களைவிட முக்கியமானது இசை பற்றிய செய்தி. வீடியோவை ஒளிபரப்பி வருமானம் ஈட்ட அனுமதி உண்டு என்பதைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். அந்த அனுமதி நடைமுறையிலும் செல்லுபடியாக வேண்டும். எங்கள் இசையமைப்பாளர் விளையாட்டின் பாடல்தொகுப்பை இசைத்தளங்களில் வெளியிட ஒரு விநியோக நிறுவனத்தின் வழியே பதிவு செய்திருந்தார். அந்த நிறுவனத்தின் படிவத்தில் பதிவான இசையை வீடியோக்களில் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் சேர்க்கும் தேர்வும் அடங்கியிருந்தது. அது இயங்கினால், நாங்களே அழைத்து விளையாடச் சொன்னவரின் வீடியோவில் எங்கள் இசையே உரிமைகோரலை எழுப்பும். அவருடைய விளம்பர வருமானம் வேறிடத்துக்குத் திரும்பிவிடும். ஸ்ட்ரீமர் ஒருவருக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் ஒரு புதிய குழுவிடமிருந்து கிடைக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். நல்லவேளையாக, கீ அனுப்பும் முன்பே விளையாட்டின் முதல் சில நிமிடங்களைப் பதிவுசெய்து, யாரும் பார்க்க முடியாத தனிப்பட்ட வீடியோவாக யூடியூபில் ஏற்றிப் பார்த்தோம். உரிமைகோரல் வந்தது, இசையமைப்பாளர் அந்தத் தேர்வை நீக்கச் சொல்லி எழுதினார், மீண்டும் ஏற்றியபோது வரவில்லை. அதன்பிறகே 'இசை ஒளிபரப்புக்குப் பாதுகாப்பானது' என்ற வரியைப் பிரஸ் கிட்டில் சேர்த்தோம்.

அடுத்தது கீ. ஸ்டீமில் வெளியீட்டாளர் பக்கத்திலிருந்து கீகளைக் கேட்டுப் பெறும்போது வகையைக் கவனிக்க வேண்டும். வழக்கமான கீயை வெளியீட்டு நாளுக்கு முன் போட்டால் விளையாட்டு நூலகத்தில் சேரும், ஆனால் தொடங்காது. வெளியீட்டுக்கு முன்பே விளையாடத் திறக்கும் கீயைத் தனியாகக் கேட்க வேண்டும். பெற்ற கீயைக் குழுவுக்குத் தொடர்பில்லாத ஒரு கணக்கில், வேறொரு கணினியில் போட்டு, இறக்கி, முதல் நிலையைக் கடக்கும்வரை விளையாடிப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. உருவாக்குநரின் கணக்கில் எல்லாம் ஏற்கெனவே திறந்திருப்பதால் அங்கே சோதிப்பதில் பயனில்லை.

நாங்கள் தேடிப்பிடித்து எழுதியவர்களுக்குக் கீயை மின்னஞ்சலிலேயே வைத்தோம். 'விருப்பமானால் சொல்லுங்கள், அனுப்புகிறோம்' என்று எழுதினால், வேலை நெருக்கடியில் இருப்பவருக்கு அது இன்னொரு கடிதம் எழுதும் சுமையாகிவிடும். தலைப்பு வரியில் விளையாட்டின் பெயர், வகை, வெளியீட்டு நாள், கீ உள்ளே இருக்கிறது என்ற செய்தி. உள்ளே அவர் முன்பு விளையாடிய எந்த விளையாட்டைப் பார்த்து அவருக்கு எழுதுகிறோம் என்பதற்கு ஒரு வாக்கியம். பிறகு டிரெய்லர், பிரஸ் கிட், கீ. எதையும் அதற்கு முன் வெளியிடக் கூடாது என்று குறிக்கும் எம்பார்கோ நேரத்தை இந்திய நேரத்தில் மட்டும் எழுதினால் குழப்பம் வரும் என்பதால், மாலை 6:30 என்பதோடு 13:00 UTC என்றும் சேர்த்தோம். எழுதுவதற்கும் ஒளிபரப்புவதற்கும் ஒரே நேரமா, தனித்தனியா என்பதையும் சொன்னோம்.

தாமாகவே கீ கேட்டு எழுதியவர்களின் நிலை வேறு. அறிவிப்பு வந்ததும் அஞ்சல் பெட்டி நிரம்பியது. அவற்றுள் ஒரு பெரும்பகுதி, இலவசக் கீகளைச் சேர்த்துச் சந்தைத் தளங்களில் விற்போரிடமிருந்து வருவது. எங்களுக்கு வந்த ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். புதிர் விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு சேனலின் பெயர், அதன் படம், அதன் இணைப்பு எல்லாம் கடிதத்தில் சரியாக இருந்தன. எங்கள் விளையாட்டின் சிறப்பாகக் கடிதம் சொன்னதோ, ஸ்டீம் பக்கத்தின் முதல் வாக்கியத்தின் நகல். தமக்கு ஒன்றும், பார்வையாளர்களுக்குப் பரிசளிக்கச் சிலவும் என்று பல கீகளைக் கேட்டிருந்தார். அனுப்பிய முகவரியில் சேனல் பெயரோடு ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருந்தது. இத்தகைய கடிதத்துக்கு அப்படியே பதில் எழுதாமல், யூடியூபில் அந்தச் சேனலின் அறிமுகப் பகுதியில் உள்ள வணிக முகவரியைத் திறந்து, அந்த முகவரிக்கே புதிதாக எழுதுவது எங்கள் வழக்கம். உண்மையான உரிமையாளரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது: அவர் எங்களுக்கு எழுதவே இல்லை. ஆனால் விளையாட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரு கீ கேட்டிருந்தார்.

ஸ்டீமிலேயே விளையாட்டுகளைப் பரிந்துரைக்கும் ஸ்டீம் கியூரேட்டர் என்று சொல்லிக் கேட்போருக்குக் கீ அனுப்பத் தேவையே இல்லை. கியூரேட்டர் கனெக்ட் என்ற வசதி வழியாகப் பிரதி நேரே அந்தக் கியூரேட்டர் குழுவுக்குப் போய்ச்சேரும், வெளியே விற்கக் கீ எதுவும் இருக்காது. இதைச் சொன்னவுடன் பலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மேலும், கீயால் பெற்ற விளையாட்டுக்கு எழுதும் விமர்சனம் ஸ்டீமின் மதிப்பெண்ணில் 2016 முதல் சேர்வதில்லை. ஆகவே மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறேன் என்று கீ கேட்பவரிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

ஒருவருக்கு ஒரு கீ என்பதை நாங்கள் தளர்த்தவில்லை. பெயர், ஊடகம், முகவரியைச் சரிபார்த்த விதம், கீ, அனுப்பிய நாள் ஆகியவை ஒரு விரிதாளில் ஒரே வரியில் இருந்தன. ஸ்டீமின் வெளியீட்டாளர் பக்கத்தில் ஒரு கீயைக் கொடுத்துத் தேடினால், அது பயன்படுத்தப்பட்டதா, எப்போது என்பது தெரியும். வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் பட்டியல் முழுவதையும் அவ்வாறு பார்த்தேன். கீயைப் பயன்படுத்தாதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதில் பெரும்பாலும் தலைப்பு வரியை மட்டும் மாற்றினேன், ஏனெனில் கடிதமே திறக்கப்படாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பயன்படுத்தியும் எதுவும் எழுதாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பவில்லை. விளையாட்டு கையில் இருக்கிறது, பிடித்ததா இல்லையா என்பது அவர் தீர்ப்பு. அதை வற்புறுத்துவது முறையல்ல. அவர்களுக்கு எழுதியது வேறு காரணத்துக்காக: ஆறாவது நிலையில் தடம் மாறாமல் சிக்கிக்கொள்ளும் பிழை ஒன்றை அந்த வாரம் திருத்தியிருந்தோம். எந்தப் பிழை, எந்தப் பதிப்பில் சரியானது, பழைய சேமிப்பு தொடருமா என்ற மூன்றையும் இரண்டு வரியில் சொன்னோம். அந்தக் கடிதத்துக்கு வந்த பதில்களில் ஒன்று, அந்த நிலையிலேயே நின்றுபோயிருந்த ஒரு பத்திரிகையாளரிடமிருந்து வந்தது. அவர் அன்று இரவே தொடர்ந்து விளையாடி முடித்து, வெளியீட்டு நாளன்று விமர்சனம் எழுதினார்.