டவர் இல்லாத மண்டபமும் ஒரு சுங்குடிச் சேலையும்

2017இல் நான் சேர்ந்த வேலைக்குப் பெயர் 'கள அலுவலர்'. பையில் ஏழெட்டு கார்டு மெஷின்களைப் போட்டுக்கொண்டு, சின்ன வியாபாரிகளைத் தேடிப் போய் விற்று, இயக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெஷின் என்றால் கடைகளில் பில் கக்கும் அந்தப் பெரிய பெட்டி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், கால்குலேட்டர் மாதிரி எண் பட்டன்கள் கொண்ட ஒரு சின்னக் கருவி. வியாபாரியின் போனோடு ப்ளூடூத்தில் சேர்ந்துகொள்ளும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன அடியில் இருந்து யாரும் முழுதாக எழுந்திராத நேரம். அதனால் "என்ன தம்பி இது?" என்று கேட்கவாவது செய்தார்கள்.

என்னிடம் வாங்கியவர்களில் சின்னாளபட்டி அக்கா ஒருவர். சுங்குடிச் சேலை வியாபாரம், ஆனால் கடை கிடையாது. திண்டுக்கல், மதுரை, கோவை என்று எங்கே கைத்தறி விற்பனை நடக்கிறதோ அங்கே நான்கு நாள் மேசை போடுவார். பெரிய மெஷினுக்காக ஒரு வங்கியில் கேட்டிருக்கிறார். கடை முகவரிக்குச் சான்று, நடப்புக் கணக்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் மாத வாடகை என்று அடுக்கியிருக்கிறார்கள். "மாசத்துல பத்து நாள்தான் வியாபாரமே, முப்பது நாளுக்கு எதுக்குத் தம்பி வாடகை?" என்று திரும்பிவிட்டாராம். எங்கள் கருவிக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதும். மற்றபடி விற்றால்தான் கமிஷன்.

முதல் நாளே அக்கா கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "போன்லயே ஆப் இருக்கு, தொகையும் போன்லதான் அடிக்கிறோம். பின் நம்பரையும் அதுலயே அடிச்சுட்டா என்ன? இந்தக் குட்டிச் சாமான் எதுக்கு?"

எங்கள் அலுவலக இழுப்பறையில் பழைய மாடல் ஒன்று கிடந்தது. போனில் ஹெட்போன் மாட்டும் ஓட்டையில் செருகுகிற சின்னக் கட்டை. கார்டின் கறுப்புப் பட்டையை அதில் தேய்த்தால், பட்டையில் உள்ள தகவல் மின் துடிப்பாக மைக் வழியே போனுக்குள் போகும். போனைப் பொறுத்தவரை அது வெறும் சத்தம். அந்தச் சத்தத்தை ஆப் கார்டு எண்ணாகப் படித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஸ்கொயர் நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. அதை நிறுவிய இருவரில் ஒருவரான ஜிம் மெக்கெல்வி கண்ணாடிக் கலைஞர். வாங்க வந்தவரின் கார்டை ஏற்க வழியில்லாமல் கண்ணாடியில் செய்த ஒரு தண்ணீர்க் குழாயின் விற்பனை கைநழுவியதில் பிறந்த யோசனை அது. அங்கே கையெழுத்துப் போட்டால் போதும் என்பதால் கட்டை மட்டும் போதுமானதாக இருந்தது. இங்கே 2013 டிசம்பரிலிருந்து டெபிட் கார்டைக் கடையில் தேய்த்தாலோ செருகினாலோ பின் நம்பர் கட்டாயம். போனில் பத்து ஆப் இருக்கும், எது எதை வேவு பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பின் நம்பருக்குத் தனிக் கருவி. அடித்த நம்பரை அது தனக்குள்ளேயே பூட்டித்தான் வெளியே விடும். போன் என்பது பூட்டிய பெட்டியை வாங்கிப் போய்ச் சேர்க்கிற தபால்காரர், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அக்கா அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் தபால்காரர் வழியில் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் தப்பு.

2018இல் கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விற்பனை. ஞாயிறு சாயங்காலம், கூட்டம். மண்டபத்துக்குள் டவர் ஒரு கோடு வந்தால் அதிசயம். ஒரு அம்மா 2,850 ரூபாய்க்குச் சேலை எடுத்தார். கார்டைச் செருகி, பின் நம்பர் அடித்தாயிற்று. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் 'தொடர்பு இல்லை' என்று நின்றது. அதே நொடியில் அந்த அம்மாவின் போனில் மெசேஜ்: கணக்கிலிருந்து 2,850 எடுக்கப்பட்டது. "பாருங்க, காசு போயிடுச்சு" என்று அவர் காட்ட, அக்காவும் பார்த்துவிட்டுச் சேலையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நடந்தது இதுதான். போகிற கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. வங்கி 'சரி' என்று பணத்தைக் கழித்துவிட்டது. அந்தச் 'சரி' திரும்பி வரும்போது டவர் போய்விட்டது. பதில் கைக்கு வராத விற்பனையை எங்கள் சர்வர் முடிந்த விற்பனையாக எடுத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரம் PENDING என்று வைத்திருந்து, அப்புறம் 'அதை ரத்து செய்துவிடு' என்று வங்கிக்கு இன்னொரு செய்தி அனுப்பும். அதற்குப் பெயர் ரிவர்சல். சேலை வாங்கியவர் கணக்குக்கே பணம் திரும்பும். ஆக, அந்த அம்மா காட்டிய மெசேஜ் பொய் இல்லை. தன் கணக்கிலிருந்து பணம் கிளம்பியது என்பதற்கு அது சாட்சி. அக்காவின் கணக்குக்கு வருகிறது என்பதற்குச் சாட்சி இல்லை. அதைச் சொல்ல வேண்டியது ஆப்பில் இருக்கும் விற்பனைப் பட்டியல் மட்டும்தான்.

திங்கள் இரவு அக்கா போன் செய்தார். "தம்பி, நேத்து விற்ற கணக்குல ஒரு சேலை இடிக்குது." பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அந்த வரியில் சிவப்பாக FAILED. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, பில்லை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்ப வாங்கியவரின் போன் எண்ணை ஆப் முதலிலேயே கேட்கும். அக்கா அடித்து வைத்திருந்தார். அந்த எண்ணுக்கு அழைத்தால், "எனக்கும் இன்னும் பணம் திரும்ப வரலையே" என்றார் அந்த அம்மா. அதுவும் உண்மை. அப்போது ரிவர்சல் வந்து சேர எத்தனை நாள் என்று கறாராக யாராலும் சொல்ல முடியாது. கடையில் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி வராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது 2019இல்தான். அந்த அம்மாவுக்கு ஆறாவது நாள் பணம் வந்தது. அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, அக்காவின் வங்கிக் கணக்குக்கு 2,850ஐ அனுப்பிவிட்டார். எல்லாரும் அப்படி அனுப்புவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அதில் அக்காவுக்குக் கமிஷன் மிச்சம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் விற்பவர்களுக்கு அப்போது டெபிட் கார்டு கமிஷன் அதிகபட்சம் 0.40 சதவீதம். 2,850க்கு 11 ரூபாய் 40 காசு. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 13.45. "பதிமூணு ரூபா லாபம் தம்பி" என்று சிரித்தார். கிரெடிட் கார்டுக்கு அந்த வரம்பு கிடையாது. 2 சதவீதம் என்று வைத்தால் அதே சேலைக்கு வரியோடு 67 ரூபாய் போய்விடும். சேலைக்கு விலை சொல்லும்போதே அக்கா இதைக் கணக்கில் வைத்துக்கொள்வார்.

அதற்கப்புறம் யாருக்கு மெஷின் கொடுத்தாலும் முதலில் போன் டேட்டாவை நடுவில் அணைத்துவிட்டுப் பத்து ரூபாய் விற்பனை ஒன்றைப் பாதியில் அறுத்துக் காட்டுவேன். PENDING வந்ததும் வெளியே போய் டவர் பிடித்து, பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்வேன். பச்சையில் SUCCESS வராமல் பொருள் கை மாறக் கூடாது. PENDING நிற்கும்போதே இரண்டாம் தடவை கார்டு போட்டால் வாங்குபவருக்கு இரண்டு முறை பணம் கழியும், சண்டை வரும். என் மேலாளருக்கு இந்தச் செய்முறை பிடிக்கவில்லை. விற்கப் போன இடத்தில் பழுதையா காட்டுவது என்றார்.

அக்கா இப்போது மேசைக்கு முன்னால் கியூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். முக்கால்வாசிப் பேர் அதிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் கிரெடிட் கார்டை நீட்டுபவர்களுக்காகக் கருவி பைக்குள் இருக்கிறது. கொரோனா காலத்தில் விற்பனையே இல்லாமல் நான்கு மாதம் பீரோவில் கிடந்து, சார்ஜ் அடியோடு தீர்ந்து, திரையில் TAMPER என்று வந்து நின்றது. அந்த மாடலில் பேட்டரி முழுக்கச் செத்தால், யாரோ கருவியைப் பிரிக்கிறார்கள் என்று எண்ணி, உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகளை அதுவே அழித்துவிடும். சார்ஜ் ஏற்றினாலும் திரும்ப வராது. வேறு கருவிதான் வாங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து விற்பனை இருக்கிறதோ இல்லையோ, வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கேற்றும்போது கருவியையும் சார்ஜில் போட்டுவிடுகிறார்.