கீழ்த்தளத்தார் எந்தப் பக்கம் போவது?

மலைநாட்டு நகரங்களில் பல கட்டடங்கள் சரிவோடு ஒட்டி எழும்பியவை. எங்கள் காரியாலயமும் அப்படித்தான். பிரதான வீதியால் நுழைந்தால் நாம் நிற்பது மூன்றாம் தளம். அதற்குக் கீழே இரண்டு தளங்கள், மேலே ஒன்று.

தலைமையகம் அனுப்பிய தீப் பயிற்சிச் சுற்றுநிருபமோ சமதரைக் கட்டடத்துக்கு எழுதப்பட்டது. மணி அடித்ததும் எல்லோரும் படியிறங்கி, முன்வாசலால் வெளியேறி, வாகனத் தரிப்பிடத்தில் கூட வேண்டுமாம். எங்கள் கீழ்த்தளத்தார் முன்வாசலுக்கு வர மேலே ஏற வேண்டும். புகையும் அதே படிக்கட்டால்தான் மேலே ஏறும். புகைக்குள் ஏறச் சொல்வது சரியில்லை என்று எழுதி, எங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்ற அனுமதி வாங்கினேன்.

அடித்தளத்தில் பின்சந்துக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. அதில் ஆமைப்பூட்டு. "சேர், திறந்து வைச்சா கள்ளன் வருவான்" என்றார் காவலர். அவர் பயமும் நியாயம்தான். பூட்டைக் கழற்றி, உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம். வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருப்பவருக்குச் சாவி தேவையில்லை.

வாசல் இரண்டானதும் ஒன்றுகூடும் இடமும் இரண்டானது. தரிப்பிடத்தை விட்டுவிட்டோம். தீயணைப்பு வண்டி நிற்க வேண்டிய இடம் அது, பின்னால் மண்மேட்டைத் தாங்கும் உயரமான சுவர் வேறு. மேல் இரு தளத்தாருக்கும் சற்றுத் தள்ளியிருக்கும் கோயில் முன்றல். கீழ் இரு தளத்தாருக்குச் சந்தின் முனை, ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் எட்டாத தூரம்.

முதல் பயிற்சியில் சிக்கல் ஆள் கணக்கில் வந்தது. மாடிப் பொறுப்பாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள்: அறை அறையாக, மலசலகூடம், களஞ்சியம் வரை எட்டிப் பார்த்து, கதவுகளைப் பூட்டாமல் சாத்திவிட்டுக் கடைசியாக வந்தார்கள். ஆனால் கீழ்த்தளத்து எழுதுவினைஞர் ஒருவர் கோப்போடு மேலே போயிருந்தார். மணி அடித்ததும் மற்றவர்களோடு கோயிலடிக்குப் போய்விட்டார். கீழே அவர் பெயருக்கு நேரே "இல்லை". மேலே அவர் பெயரே பட்டியலில் இல்லை. உண்மையான தீ என்றால், வெளியே பத்திரமாக நிற்கும் ஒருவரைத் தேடித் தீயணைப்பு வீரர் உள்ளே போயிருப்பார்.

அதனால் சுற்றுநிருபத்தின் அந்தப் பந்தியைத் திருப்பி எழுதினோம். எந்தத் தளத்தில் வேலை என்பது கணக்கில்லை. தன் முன்னால் நிற்கும் எல்லோருடைய பெயரையும், கவுண்டருக்கு வந்த பொதுமக்கள் உட்பட, பொறுப்பாளர் எழுத வேண்டும். கீழ்ப் பட்டியலை ஒருவர் வெளிப்படிக்கட்டால் மேலே கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சந்தில் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. இரண்டையும் வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் பிரதான பொறுப்பாளர் ஒருவரைக் காணவில்லை என்று சொல்லலாம். 110க்கு அழைப்பதை மட்டும் இதற்காகத் தாமதிக்கக் கூடாது. அது மணி அடித்தவுடனேயே நடக்க வேண்டும்.

பொறுப்பாளர் லீவில் நின்றால் யார் என்பதற்குத் தளத்துக்கு ஒரு பதில் பெயரும் சேர்த்தோம். அடுத்த பயிற்சியை மழை நாளில் வைக்கக் கேட்டிருக்கிறேன், அந்த வெளிப்படிக்கட்டு பாசி பிடித்தது.