ஒரே கட்டத்தில் இரண்டு பிழைகள்

"கஸ்டமரே அப்படித்தானே மேடம் சொன்னாங்க? அவங்க சொன்னா சரி, நான் சொன்னா தப்பா?" என்று எங்கள் அழைப்பு மையத்தில் வேலை செய்யும் பெண் கேட்டதற்கு, அவளுடைய அழைப்புக்கு மதிப்பெண் போட்ட நான், "அவர் வாடிக்கையாளர், நீங்கள் நிறுவனத்தின் குரல்" என்று பதில் சொல்லி ஒலிப்பதிவை மூடினேன். அந்தப் பதில் தவறென்று இன்றும் நான் கருதவில்லை. அவள் கேட்டது இலக்கணத்தைப் பற்றி, நான் சொன்னது பதவியைப் பற்றி என்பதுதான் இத்தனை நாளாக உறுத்துகிறது.

அழைப்பில் நடந்தது இவ்வளவுதான். இணைய இணைப்பு வேலை செய்யவில்லை என்று அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து பேசிய பெண்மணி, தன் கணவரைப் பற்றி "ஹீ டோன்ட் நோ த பாஸ்வேர்ட்" என்றார். வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்று நாங்கள்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கள் ஊழியரும் "ஓகே மேம், ஹீ டோன்ட் நோ த பாஸ்வேர்ட்" என்று திருப்பிச் சொன்னாள். சற்று நேரம் கழித்து, முந்தைய நாள் வந்த தொழில்நுட்பப் பணியாளரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஸோ ஷீ டிடின்ட் வென்ட் இன்சைட், மேம்?" என்று கேட்டாள். மறுமுனையில் ஒரு தயக்கம். பிறகு, "யூ சேயிங் ஷீ வென்ட் இன்?" என்று அந்தப் பெண்மணி திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு மேலே சென்றார்கள், புகாரும் சரியாகவே பதிவாயிற்று. மதிப்பீட்டுத் தாளில் இலக்கணத்துக்கு ஒரே கட்டம்தான் உண்டு. இரண்டு பிழைகளுக்கும் அதில் ஒவ்வொரு மதிப்பெண் குறைத்தேன். அந்த மாத ஊக்கத்தொகைக்கான வரம்புக்குக் கீழே அவளை இறக்க அந்த இரண்டு மதிப்பெண்களே போதுமானவையாக இருந்தன.

இரண்டும் ஒரே இனத்துப் பிழைகள் என்று பாடநூல்கள் சொல்லும். ஆங்கிலத்தில் எதிர்மறையும் கேள்வியும் துணைவினை இல்லாமல் நிற்பதில்லை. 'இஸ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினை ஏற்கெனவே இருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். இல்லாத இடத்தில் 'டூ' வந்து நிற்கும். அப்படி வரும்போது காலத்தையும், எழுவாய் யாரென்னும் அடையாளத்தையும் 'டூ' தன் மேல் வாங்கிக்கொண்டு 'டஸ்', 'டிட்' என்று மாறும். முதன்மை வினை எதையும் சுமக்காமல் வெறும் அடியாக நிற்கும். 'ஹீ டோன்ட் நோ' என்பதில் 'டூ' தான் வாங்க வேண்டிய அடையாளத்தை வாங்கவில்லை. 'ஷீ டிடின்ட் வென்ட்' என்பதில் 'டூ' காலத்தை வாங்கிக்கொண்ட பிறகும் முதன்மை வினை அதை விடவில்லை. முதலாவதில் ஒரு அடையாளம் குறைகிறது, இரண்டாவதில் ஒரு அடையாளம் மிகுகிறது. தாளில் இரண்டுக்கும் ஒரே விலை.

முதல் பிழையைப் பிழை என்று சொல்வதில் எனக்குள்ள தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 'ஹீ டோன்ட்' என்பதைக் கறுப்பின அமெரிக்கர்களும், அமெரிக்கத் தென்பகுதி வெள்ளையர்கள் பலரும், இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தினரும் தாய்மொழியாகவே பேசுகிறார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படித்த, வசதியான ஆங்கிலேயர்களும் பேச்சில் அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார்கள். அதற்கும் முன்னால் போனால் இந்த 'டூ'வே தேவைப்பட்டிருக்கவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், சிலுவையில் தொங்கும் இயேசு "தே நோ நாட் வாட் தே டூ" என்கிறார், "தே டூ நாட் நோ" என்று சொல்வதில்லை. மற்ற வினைகள் 'டூ'வுக்கு இடம் கொடுத்த பிறகும் நீண்ட காலம் இணங்காமல் நின்ற சில வினைகளுள் 'நோ'வும் ஒன்று. ஆகவே ஒரு தென்பகுதிப் பெண்மணி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னவளிடம் நான் குறைத்தது இலக்கணத்துக்கான மதிப்பெண்ணா, எந்த வட்டாரத்தின் இலக்கணம் என்பதற்கான மதிப்பெண்ணா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் உண்டு. ஆனால் அது நல்ல பதிலன்று: ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வட்டாரம் எதுவோ, அதன் இலக்கணம்.

இதற்கு எதிரான வாதமும் என்னிடம் இருக்கிறது. வாடிக்கையாளர் 'ஹீ டோன்ட்' என்றால் அது அவர் வளர்ந்த வீட்டின் பேச்சு. அதே வாயால் 'டஸின்ட்' என்று சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் ஊழியர் சொன்னால், அது கற்றுக்கொள்ளாமல் விட்டது என்றுதான் கேட்பவர் கொள்வார். சில சமயம் கேலி செய்கிறார்கள் என்றுகூட எடுத்துக்கொள்வார். இது அநியாயம்தான். ஆனாலும் மாதந்தோறும் எங்கள் அழைப்புகளைக் கேட்கும் அயல்நாட்டு மேலாளர் அப்படித்தான் கேட்கிறார் என்பதை அறிந்துகொண்டு, 'பரவாயில்லை' என்று அவளிடம் நான் சொல்லியிருந்தால், அது கருணையாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

'டிடின்ட் வென்ட்' விஷயத்தில் எனக்கு இத்தனை தயக்கம் இல்லை. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் சிறு வயதில் இப்படிச் சொல்லித்தான் கடந்து போகிறார்கள், ஆனால் வளர்ந்தவர்களிடம் அது நிலைப்பதில்லை. தொலைபேசியில் அதற்கு உண்மையான விலையும் உண்டு. 'டிடின்ட்' என்பதில் எதிர்மறையைச் சுமப்பது கடைசியில் வரும் மெல்லிய மெய்யொலிகள்தான். வேகமாகப் பேசும்போது அவை பாதி கரைந்துவிடும். அப்போது கேட்பவருக்குக் கைகொடுப்பது அடுத்து வரும் வினை. 'கோ' என்று வந்தால் முன்னால் ஏதோ துணைவினை இருந்தது என்று காது ஊகித்துக்கொள்ளும். 'வென்ட்' என்று வந்தால், போனாள் என்று தீர்மானித்துவிடும். அந்த அழைப்பில் நடந்தது இதுதான். ஒலிப்பதிவைப் பலமுறை ஓட்டிக் கேட்டேன். அந்தப் பெண்மணியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் 'உள்ளே போனாள்' என்றே கேட்டிருப்பேன்.

இங்கேதான் வேறொரு சங்கடம் தொடங்குகிறது. 'வென்ட்' என்று சொன்னதால்தான் அவள் பிடிபட்டாள். பக்கத்து மேசையில் இருப்பவர் 'டிடின்ட் செக்ட் த மோடம்' என்கிறார். 'செக்ட்' என்பதன் இறுதி ஒலி அடுத்த சொல்லோடு கலந்துவிடுவதால் என் காதில் அது 'செக்' என்றே விழுகிறது. 'புட்', 'கட்' போன்ற வினைகளுக்கோ இறந்தகால வடிவமும் அடியும் ஒன்றே, அதனால் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே தெரியாது. ஆக, ஒரே பிழையைச் செய்பவர்களுள் 'கோ', 'கம்', 'டேக்' என்று ஒழுங்கில் அடங்காத வினைகளைப் பேச நேர்ந்தவர்கள் மட்டுமே மதிப்பெண் இழக்கிறார்கள். எவருக்கு விதி தெரியும், எவர் தப்பிக்கிறார் என்று பார்க்க வேண்டுமானால், உரையாடலில் 'வென்ட்' வரும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதைக் கேள்வியாக மாற்றச் சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பீட்டுத் தாளில் இடமில்லை.

அவளோடு தனியாக உட்கார்ந்த அன்று அதைச் செய்து பார்த்தேன். 'ஷீ வென்ட் இன்சைட்' என்று எழுதிக் கொடுத்தேன். எதிர்மறையாக எழுதச் சொன்னபோது தயங்காமல் 'டிடின்ட் கோ' என்று எழுதினாள். கேள்வியாக்கச் சொன்னதும் 'டிட் ஷீ வென்ட்' என்று எழுதினாள். எழுதும்போது எதிர்மறையில் சறுக்காதவள் கேள்வியில் ஏன் சறுக்கினாள் என்று யோசித்தபோது, தமிழைத் துணைக்கு அழைக்கலாம் என்று தோன்றியது. 'போனாள்' என்பதை நாம் மறுக்கும்போது 'போனாளில்லை' என்று சொல்வதில்லை, 'போகவில்லை' என்கிறோம். காலமும் பாலும் உதிர்ந்து, 'போக' என்னும் எச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. 'போகமாட்டாள்' என்பதில் இன்னும் தெளிவு: எழுவாயின் அடையாளம் முழுவதும் 'மாட்டாள்' மேல் ஏறிக்கொள்கிறது, 'போக' வெறுமையாக நிற்கிறது. ஆங்கிலத்தின் 'டஸின்ட் கோ' செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் கேள்வியில் நாம் வினையைத் தொடுவதே இல்லை. 'போனாள்' என்னும் முற்று அப்படியே இருக்க, ஓர் ஆகாரம் ஒட்டி 'போனாளா' ஆகிறது. 'டிட் ஷீ வென்ட்' என்பதில் 'வென்ட்' அசையாமல் நிற்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். அழைப்பில் அவள் சொன்னதும் எதிர்மறையில் அமைந்த ஒரு கேள்விதானே என்பது அப்போதுதான் உறைத்தது.

அதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. 'வென்ட்' என்பதை 'டிட்' கூட்டல் 'கோ' என்று தாளில் பிரித்து எழுதினேன். 'டிட்' முன்னால் நகர்ந்துவிட்டால் பின்னால் 'கோ'வைத் தவிர வேறென்ன இருக்க முடியும் என்று கேட்டேன். 'டுக்', 'கேம்', 'ஸா' என்று அவளே பிரித்துக்கொண்டு போனாள். 'ஹூ வென்ட் இன்சைட்' என்று வந்ததும் அதையும் 'ஹூ டிட் கோ' என்று பிரித்துவிட்டாள். எழுவாயையே கேட்கும் கேள்விக்கு 'டிட்' வேண்டியதில்லை என்பதை விளக்கப் போய், அதுவரை கிடைத்த தெளிவில் பாதியைக் குழப்பினேன். விதியைச் சொல்லிக் கொடுத்தது நன்மையா என்ற ஐயம் அந்த இடத்திலேயே எழுந்தது. புறப்படும்போது, "அப்போ டோன்ட் நோவுக்குப் போன மார்க், மேடம்?" என்றாள். வென்ட்டுக்கான குறைப்பை அவள் கேட்கவே இல்லை. "தாள் அப்படித்தான்" என்றேன்.

தாளைத் திருத்தலாம் என்று பிறகு மேலே எழுதினேன்: பொருளைக் குழப்பும் பிழைக்கு ஒரு கட்டம், குழப்பாததற்கு வேறொரு கட்டம். எழுதி முடித்த கையோடு எனக்கே நம்பிக்கை குறைந்தது. குழப்பியதா இல்லையா என்பது கேட்பவரைப் பொறுத்தது. அந்தப் பெண்மணி குழம்பினார், அடுத்தவர் குழம்பாமல் போகலாம். ஊழியரின் மதிப்பெண்ணை முன்பின் தெரியாத ஒருவரின் காதில் கட்டித் தொங்கவிடுவதைக் காட்டிலும் ஒரே கட்டமே நேர்மையானது என்று சில நாள் நினைக்கிறேன். வேறு சில நாள், அந்த நேர்மைக்கு அவள்தானே பணம் கட்டினாள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவளுடைய அழைப்புகள் என் பங்குக்கு வந்தபோதெல்லாம் கவனித்துக் கேட்டேன். 'டோன்ட்' இல்லை, 'டிடின்ட்' இல்லை. கணவருக்கோ மகனுக்கோ தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹீ இஸ் நாட் அவேர்' என்கிறாள். 'இஸ்' இருக்கும் இடத்தில் 'டூ'வுக்கு வேலையில்லை என்பதை எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கிறாள். பணியாளர் உள்ளே வரவில்லையா என்று கேட்க வேண்டிய ஓர் அழைப்பில், 'த டெக்னீஷியன் வாஸ் அவுட்சைட் ஒன்லி, கரெக்ட் மேம்?' என்று கேட்டாள். வந்தவர் வீட்டு வாசலில் நின்றிருந்தாரா, தெருவோடு போய்விட்டாரா, வரவே இல்லையா என்பது அந்தக் கேள்வியிலிருந்து விளங்கவில்லை; வாடிக்கையாளரும் 'ஐ கெஸ்' என்று சொல்லி விட்டுவிட்டார். இலக்கணக் கட்டத்தில் குறைக்க ஒன்றும் இல்லாததால் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த மாதம் ஊக்கத்தொகை அவளுக்குக் கிடைத்தது.