மீட்டருக்குச் சூடு வைத்திருந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று நாள் டூருக்கு ஒதுக்கிய பணத்தில் கால்வாசி, ரயிலை விட்டு இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடுகிறது என்றால் யாருக்குத்தான் கடுப்பாகாது? அதுவும் ஜேப்படித் திருடன் அடித்துக்கொண்டு போகவில்லை. நாமே எண்ணிக் கொடுத்துவிட்டு "தேங்க்ஸ்" வேறு சொல்லிவிட்டு வருகிறோம். டூர் போகிறவர்களை எங்கே, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ஸ்டேஷன், டாக்ஸி ஸ்டாண்டு, சந்தை என வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தது. ஆனால் டாக்ஸி விஷயமே பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்று இப்போதே தெரிகிறது. பணம் அதிகம் போவதும் அங்கேதான், போவது தெரியாமல் போவதும் அங்கேதான்.

முதலில் ஸ்டேஷன் வாசல். வேலை நடக்கும் இடம் பிளாட்பாரம் அல்ல, வெளியே போகும் வழிக்கும் டாக்ஸி வரிசைக்கும் நடுவில் இருக்கும் ஐம்பது அடி. கழுத்தில் ஏதோ ஒரு அட்டை தொங்க, ஒருவர் கூடவே நடந்து வருவார். எந்த ஹோட்டல் என்று கேட்பார். பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "அதை மூடிட்டாங்களே", "அந்தப் பக்கம் ரோடு பிளாக்", "ஓவர் புக்கிங், ரூம் கிடைக்காது" என்று ஏதாவது ஒன்று வரும். நம்பவில்லை என்றால் போனை எடுத்து, "நீங்களே ஹோட்டல்ல பேசிப் பாருங்க" என்று கையில் கொடுப்பார். மறுமுனையில் பேசுபவர் ரொம்ப வருத்தப்பட்டு மன்னிப்பு கேட்பார். நம்பரைப் போட்டது யார் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இதை உடைக்க ஒரே ஒரு கேள்வி போதும். பெயரைச் சொல்லாமல், "என் புக்கிங் யார் பேர்ல இருக்கு, எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். உண்மையான ரிசப்ஷன் என்றால் புக்கிங் நம்பரையோ பெயரின் முதல் எழுத்தையோ கேட்டுச் சரிபார்க்கும். போலி ஆள், "எல்லாப் புக்கிங்கும் கேன்சல்" என்று பொதுவாக மழுப்புவான். அதைவிட நல்லது, அந்தப் போனைத் தொடவே தொடாமல், புக்கிங் ரசீதில் இருக்கும் நம்பருக்கு உங்கள் போனிலிருந்து நீங்களே அடிப்பது. அவரோடு வாதம் செய்யாதீர்கள், நடையை நிறுத்தாதீர்கள். நின்றால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து, அவர் சொல்வதற்குச் சாட்சி சொல்வார்கள்.

அவர் வேறு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷன் உங்கள் ரூம் வாடகையில்தான் ஏறும். "ஃப்ரீயாக் கொண்டுபோய் விடறேன்" என்று சொல்லும் டாக்ஸி இருப்பதிலேயே காஸ்ட்லியான டாக்ஸி என்பது இதனால்தான்.

இனி மீட்டர். "மீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டு, "போடுவேன்" என்று பதில் வந்ததும் பாதிப் பேர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதி கொஞ்சம் அவசரம். மீட்டர் ஓடுகிறது என்பதும் சரியாக ஓடுகிறது என்பதும் வேறு வேறு.

மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரமோ கியர் பாக்ஸோ சுற்றச் சுற்ற, சென்சாரிலிருந்து துடிப்புகள் வரும். இத்தனை துடிப்புக்கு ஒரு கிலோமீட்டர் என்று உள்ளே ஒரு எண்ணைப் பதித்து வைத்திருப்பார்கள். அந்த எண்ணைக் குறைத்தாலோ, வழியில் ஒரு சின்ன சர்க்யூட்டைச் செருகிக் கூடுதல் துடிப்புகளை அனுப்பினாலோ, கார் ஒரு கிலோமீட்டர் போகும்போது மீட்டர் 1.3 கிலோமீட்டர் போனதாக நினைத்துக்கொள்ளும். இதுதான் சூடு. சில வண்டிகளில் இது எந்நேரமும் இருக்கும். சிலதில் டிரைவர் வேண்டும்போது மட்டும் அமுக்க மறைவாக ஒரு பட்டன் இருக்கும். பட்டன் வைத்த வண்டிதான் கண்டுபிடிக்கச் சிரமம், ஏனென்றால் சோதனைக்கு நிறுத்தும்போது மீட்டர் யோக்கியமாக ஓடும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் 2 கிலோமீட்டருக்கு 60, அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2 என்று கட்டணம் வைத்துக்கொள்வோம். ஹோட்டல் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நியாயமாக 60-உடன் 10 கிலோமீட்டருக்கு 200 சேர்த்து 260 வர வேண்டும். மீட்டர் முப்பது சதவீதம் கூட்டி எண்ணினால் 12 என்பது 15.6 ஆகிவிடும், பில் 332. இதோடு பகலிலேயே ராத்திரி ரேட்டைத் தட்டிவிட்டால், அது ஒன்றரை மடங்கு என்று இருக்கும் ஊரில் 332 என்பது 498. கடைசியில் "பார்க்கிங், டோல்" என்று ஒரு 50. ஆக 260 ரூட்டுக்கு 548 கொடுக்கிறோம். மீட்டர் போட்டுத்தான் வந்தோம் என்ற திருப்தியோடு.

இந்த மூன்றில் ரேட் மாற்றுவதைப் பிடிப்பது சுலபம். பல ஊர்களில் மீட்டரின் ஓரத்தில் சின்னதாக ஒரு எண் தெரியும். 1 என்றால் பகல், 2 என்றால் ராத்திரி அல்லது ஊருக்கு வெளியே. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கதவிலோ டாஷ்போர்டிலோ ஒட்டியிருக்கும் கட்டண அட்டையில் இருக்கும். வண்டி கிளம்பிய உடனே பாருங்கள், பாதி வழியில் இன்னொரு முறை பாருங்கள். மாறியிருந்தால், "இது இப்ப பகல் ரேட்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். "அட, கை பட்டிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மாற்றிவிடுவார்கள். அவருக்கும் மரியாதையாக இறங்கி வர ஒரு வழி கிடைத்துவிடுகிறது. நாமும் சண்டை போட வேண்டியதில்லை.

சூட்டைப் பிடிக்க இரண்டு வழி. முதலாவது, போனில் ஆஃப்லைன் மேப். ஜிபிஎஸ் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை, மேப்பை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். கிளம்பும்போதே ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்குச் சாலை வழித் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டுத் தூரம் உதவாது. ஒருவழிப் பாதை, டிராஃபிக் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடலாம், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். 12 கிலோமீட்டர் 14 ஆனால் பரவாயில்லை. மேப்பில் 12-தான் போயிருக்கிறோம், மீட்டரில் 16 என்றால் விஷயமே வேறு.

இரண்டாவது வழிக்கு வாட்ச் போதும். மேலே சொன்ன கட்டணத்தில் 100 மீட்டருக்கு ஒருமுறை எண் ஏறுகிறது. கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 மீட்டரைக் கடக்க 12 வினாடி ஆகும். ஸ்பீடோமீட்டர் முள் 30-ல் நிற்கும்போது மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். 12-க்குப் பக்கத்தில் ஏறினால் ஒழுங்கு. 9 வினாடிக்கு ஒருமுறை ஏறினால் அதே முப்பது சதவீதச் சூடு. 6 வினாடி என்றால் இரண்டு மடங்கு. ஒரே தடவையில் முடிவு கட்டாமல் நாலைந்து தடவை எண்ணுங்கள். வேகம் மாறினால் கணக்கும் மாறும்; 60-ல் போகும்போது 6 வினாடி என்பது சரியான கணக்குதான்.

சிக்னலில் நிற்கும்போது எண் ஏறினாலே மோசடி என்று குதிக்கவும் கூடாது. பெரும்பாலான மீட்டர்களில் காத்திருப்புக் கட்டணம் உண்டு. ஆனால் அது மெதுவாக, ஒரே சீராக ஏறும். நின்றுகொண்டிருக்கும்போது எண் திடீரென்று நாலைந்து தாவினால், அதுவும் டிரைவர் கை ஹாரன் பக்கமோ ஸ்டியரிங்குக்குக் கீழேயோ போகும் ஒவ்வொரு முறையும் தாவினால், பட்டன்தான்.

கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? ஓடும் காரில் கத்துவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள இடமாக, ஒரு ஹோட்டலோ பெட்ரோல் பங்கோ வரும்போது, "இங்கேயே இறங்கிக்கிறேன்" என்று சொல்லி, மேப்பில் வந்த தூரத்துக்கான பணத்தைக் கொடுங்கள். இதற்குப் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். டிக்கியில் இருந்தால், "முழுசாக் கொடுத்தாத்தான் தொறப்பேன்" என்று பேரம் தலைகீழாகிவிடும். அதனால் பின்சீட்டில் பக்கத்தில் வைக்க முடிந்த பையை டிக்கியில் போடவே போடாதீர்கள். போட்டே ஆகவேண்டிய பெரிய பெட்டி என்றால் முதலில் பெட்டி வெளியே, அப்புறம் பணம். இருவராகப் போனால் ஒருவர் இறங்கிப் பெட்டியை எடுக்கும்வரை இன்னொருவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். ராத்திரி, ஆளில்லாத ரோடு என்றால் மட்டும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு புகார் கொடுப்பதே சரி.

கடைசிக் கண்டம், நோட்டு மாற்றுவது. 500 கொடுப்பீர்கள். அவர் ஒரு வினாடி கீழே குனிந்து நிமிர்ந்து, "சார், நீங்க அம்பதுதான் கொடுத்திருக்கீங்க" என்று ஒரு 50-ஐக் காட்டுவார். களைப்பில் நமக்கே சந்தேகம் வந்துவிடும். இரண்டு நோட்டும் ஒரே நிறச் சாயலில் இருக்கும் நாட்டில் இது இன்னும் சுலபம். நோட்டை நீட்டும்போதே, அவர் விரல் படுவதற்கு முன்னால், "இது ஐந்நூறு" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். அவரும் பார்த்துத் தலையாட்டிய பிறகு கையை விடுங்கள். ஸ்டேஷனிலேயே தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை உடைத்துச் சில்லறையாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சந்தையைப் பற்றிச் சுருக்கமாக. எடை போட்டு விற்கும் பொருளுக்குச் சொல்லும் விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா என்று பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். பொடித்து, கலந்து, கட்டிய பிறகு கேட்டால் "இனிமே எடுக்க முடியாது" என்பார்கள். தராசு காலியாக இருக்கும்போது 0 காட்டுகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு தேய்த்தால், "உங்க நாட்டுப் பணத்திலயா, எங்க பணத்திலயா?" என்று மெஷின் கேட்கும். எப்போதும் கடை இருக்கும் நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள். நம் பணத்தில் என்றால் மாற்று விகிதத்தை மெஷின் தரப்பு போடும், பெரும்பாலும் அது நம் பேங்க் விகிதத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். நம்மைக் கேட்காமல் கடைக்காரரே அமுக்கிவிட்டால், ரசீதில் நம் பணத்தில் தொகை இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கேன்சல் செய்து மறுபடி போடச் சொல்வது நம் உரிமைதான்.

தெருவோரம் பணம் மாற்றும் ஆள் நம் கண்ணெதிரே சரியாக எண்ணிக் கொடுப்பார். நாமும் எண்ணுவோம், சரியாக இருக்கும். உடனே, "ஒரு நோட்டு விட்டுப்போச்சு, கொடுங்க" என்று கட்டை வாங்கி, மேலே ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தருவார். ஒன்று சேர்ந்த அந்த நேரத்தில் அடியிலிருந்து நாலைந்து உருவியாகிவிட்டது. கட்டு நம் கையை விட்டு ஒரு வினாடி போய்த் திரும்பினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும், நம் பணத்தை அதுவரை அவரிடம் கொடுக்கவே கூடாது. மறுபடி எண்ண உட்கார்ந்தால் அவர் அவசரமாகக் கட்டைத் திரும்பக் கேட்பார். கொடுத்துவிட்டு பேங்க்குக்கு நடையைக் கட்டுங்கள்.